போட்டோவைக் கார்ட்டூனாக்கப் போய்ப் பட்ட பாடு

மே மாத விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அவரவர் போட்டோவை அவரவரே கார்ட்டூனாக்குவது என்று முடிவானது. நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள், அப்பா அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு போன்கள், சங்க அறையின் வைஃபை. வகுப்பு ஒருவழியாக நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் நடுவில் நடந்த கூத்துகளை எழுதி வைத்தால் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உபயோகப்படும்.

நான் எந்த ஆப் என்று சொல்வதற்கு முன்பே பாதிப் பேர் பிளே ஸ்டோரில் தேடி, மேலே வந்த ஒன்றை இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். போட்டோவைக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், பெரிய கண், வழவழ முகம், சினிமா போஸ்டர் மாதிரி படம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் உறுத்தியது. "உருவாகிறது" என்று சுற்றிக்கொண்டிருந்த வட்டம், கரண்ட் போய் வைஃபை நின்றதும் அப்படியே நின்றுவிட்டது. அதாவது படத்தை வரைவது அந்த போன் இல்லை. போட்டோ எங்கேயோ இருக்கிற ஒரு சர்வருக்குப் போய், அங்கே மாறித் திரும்பி வருகிறது. அங்கே போனது எத்தனை நாள் இருக்கும், வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்பது அவர்கள் எழுதி வைத்திருக்கிற நீளமான நிபந்தனைகளில் எங்கேயாவது இருக்கும். யார் படிக்கிறார்கள்!

ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பள்ளிக்கூட வாசலில் எடுத்த போட்டோ அது. கார்ட்டூனில் முகம் கொஞ்சம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் நின்ற ஸ்கூட்டியின் நம்பர் அப்படியே படிக்க முடிந்தது. சட்டைப் பையில் பள்ளி முத்திரை, கழுத்தில் அடையாள அட்டையின் நாடா, எல்லாம் பத்திரமாக இருந்தன. முகமே கூட, தெரிந்தவர்கள் யார் பார்த்தாலும் இன்னார் என்று சொல்லிவிடுகிற அளவில்தான் மாறியிருந்தது. கார்ட்டூன்தானே, அடையாளம் தெரியாது என்று நினைத்துத்தான் பல பெற்றோர் இதைத் தைரியமாகப் பகிர்கிறார்கள். ஃபில்டர் அடையாளத்தை மறைப்பதில்லை, மேலே சாயம் பூசுகிறது.

சரி, போன போட்டோவை அழிக்கச் சொல்வோம் என்று அந்த ஆப்பில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதிவு செய்த மின்னஞ்சல் எது என்று கேட்டுப் பதில் வந்தது. பதிவே செய்யவில்லை, உங்கள் ஆப் கேட்கவும் இல்லை என்றேன். அப்படியானால் கண்டுபிடிக்க வசதியாக அந்தப் போட்டோவை இணைத்து அனுப்புங்கள் என்றார்கள்! போட்டோவை அழிக்க அதே போட்டோவை இன்னொரு முறை அனுப்ப வேண்டுமாம். அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எழுதியதற்குத் தானியங்கிப் பதில்தான், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று.

இது ஒரு பக்கம் என்றால், இன்னொரு வீட்டில் பணப் பிரச்சினை. பையன் "மூன்று நாள் இலவசம்" என்று ஒளிர்ந்த பொத்தானை அமுக்கியிருக்கிறான். அப்பாவின் போனில் பணம் கட்டும் வழி ஏற்கெனவே இணைந்திருந்தது. சந்தா வாரக் கணக்கில். அவர் விஷயம் தெரிந்ததும் ஆப்பை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் மேலே இருக்கிற நம் கணக்குப் படத்தைத் தொட்டு, Payments & subscriptions என்பதற்குள் போய், Subscriptions பட்டியலில் அதை ரத்து செய்ய வேண்டும். ஒரு வாரத் தொகை போன பிறகுதான் என்னிடம் வந்தார். பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் முன், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

இந்த வகை ஆப்களுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 2022 மார்ச்சில் 'கிராஃப்ட்ஸார்ட் கார்ட்டூன் ஃபோட்டோ டூல்ஸ்' என்ற ஆப்பை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. போட்டோவைக் கார்ட்டூனாக்குகிற ஆப் என்ற பெயரில் வந்து, ஃபேஸ்புக்கில் நுழையச் சொல்லி, போடுகிற கடவுச்சொல்லைத் திருடிக்கொண்டிருந்தது. பிராடியோ என்ற பிரெஞ்சுப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னபோது, லட்சத்துக்கு மேற்பட்ட முறை அது இறக்கப்பட்டிருந்தது. அதனால் பிளே ஸ்டோரில் இருக்கிறது, நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் போதாது. படம் வரைய ஃபேஸ்புக் கணக்கு எதற்கு என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பையன், "படம் வரையறதுக்கு இல்ல ஆண்ட்டி, நம்மளப் பிடிக்கறதுக்கு" என்றான். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

மறுநாள் வகுப்பை ஒரு சோதனையில் தொடங்கினோம். ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு, ஆப்பில் ஒரு பூந்தொட்டியின் போட்டோவைக் கொடுக்க வேண்டும். கார்ட்டூன் வந்தால் போனே வரைகிறது. நெட் இல்லை என்று அழுதால் சர்வருக்கு அனுப்புகிற ஆப். முதல் சோதனைக்குப் பிள்ளைகளின் முகமே வேண்டாம். பூந்தொட்டி, செருப்பு, தண்ணீர் பாட்டில் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு போனில் ஃபிளைட் மோடிலும் ஆப் ஜோராக வேலை செய்தது. ஆகா என்று எல்லாரும் கைதட்டப் போகும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஆண்ட்டி, மேல வைஃபை குறி அப்படியே இருக்கு" என்றாள். உண்மைதான். ஃபிளைட் மோடில் ஒருமுறை வைஃபையைத் திரும்பப் போட்டிருந்தால், புதிய ஆண்ட்ராய்டு போன்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அணைப்பதில்லை. வைஃபையைத் தனியாக அணைத்ததும் ஆப் படுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அன்று பெரிய மரியாதை.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. வரைவது யார் என்றுதான் இது காட்டும். நெட் திரும்ப வந்த பிறகு ஆப் எதையாவது அனுப்புமா என்று காட்டாது. எந்தத் தகவலை எடுக்கிறார்கள் என்று பிளே ஸ்டோர் பக்கத்தில் சொல்கிற Data safety பகுதியும் அந்த ஆப்காரர்கள் தாங்களாகச் சொல்வதுதான். அதனால் ஆப்புக்குக் கண்ணில் படுகிற போட்டோக்களையே குறைப்பது நல்லது. ஆண்ட்ராய்டு 14 முதல், போட்டோ அனுமதி கேட்கும்போது எல்லாவற்றையும் கொடுக்காமல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் கொடுக்கலாம். பழைய போன்களில் கொடுத்தால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற ஆப்கள் நிறைய. அப்படிப்பட்ட போன் வைத்திருந்தவர்களைப் பக்கத்து வீட்டுப் பழைய டேப்லெட்டுக்கு மாற்றினேன். அதில் குடும்பப் போட்டோ ஒன்றுகூட இல்லை.

கடைசியில் ஃபில்டர் ஆப்களையே ஓரம் கட்டிவிட்டு, ஸ்கெட்ச்புக் என்ற வரையும் ஆப்புக்குப் போனோம். நெட் இல்லாமலே வரையலாம், நடுவில் விளம்பரம் குதிக்காது. இதில் போட்டோவை மேஜிக் மாதிரி மாற்ற முடியாது. பிள்ளைதான் வரைய வேண்டும். போட்டோவை ஓர் அடுக்கில் வைத்து, அதன் அடர்த்தியைப் பாதிக்கும் கீழே குறைத்து, மேலே புது அடுக்கு போட்டு, விரலால் கோடு இழுக்க வேண்டும். டிரேசிங் தாளை வைத்து மேப் வரைகிற அதே வேலைதான்.

வாசல் போட்டோ பெண்ணே முதலில் வரைந்தாள். முதல் வேலையாக, போட்டோவைத் தலையிலிருந்து தோள் வரைக்கும் வெட்டச் சொன்னேன். ஸ்கூட்டி, வாசல், முத்திரை மூன்றும் அங்கேயே போயின. அப்புறம் முகத்தின் ஓரம், முடி, கண்ணாடி, புருவம். மூக்குக்கு ஒரே ஒரு வளைவு. முகத்தில் இருக்கிற எல்லாக் கோட்டையும் இழுத்தால் பாட்டி முகம் வந்துவிடும். இரண்டு பையன்கள் அப்படித் தாத்தா ஆனார்கள். அவளுக்கு வந்த சிக்கல் வேறு. வண்ணவாளியைத் தொட்டு முடிக்குக் கறுப்பு ஊற்றினால் படம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. காரணம், காதுக்குப் பக்கத்தில் கோடு ஒரு மயிரிழை சேராமல் நின்றிருந்தது. அந்த ஓட்டை வழியாக நிறம் வெளியே கொட்டியிருக்கிறது. ஒரு படி பின்னால் போய், பெரிதாக்கிப் பார்த்து, கோட்டைச் சேர்த்ததும் சரியானது. நிறம் கொட்டினால் பிள்ளைகள் படத்தையே அழித்துவிடுகிறார்கள். ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள். சீருடைக்குப் பதிலாக அவள் ஆரஞ்சு பாவாடைச் சட்டை போட்டுக்கொண்டாள், பின்னால் அவள் வீட்டுப் பூனை. அவளைத் தெரியாதவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து எந்தப் பள்ளி, எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அவள் பாட்டி மட்டும் கண்ணாடியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

படத்தை வெளியே எடுக்கும்போது இரண்டு விஷயம். போட்டோ அடுக்கைக் கண் குறியைத் தொட்டு மறைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். PNG ஆக அனுப்பினால் மறைந்த அடுக்கு போகாதுதான். ஆனால் அடுக்குகளோடு சேமிக்கும் PSD கோப்பாக அனுப்பினால், அடியில் அசல் போட்டோவும் கூடவே போகும். இன்னொன்று, கேமராவில் இடக்குறிப்பு போட்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டோவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளினால் வரைபடம் தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு போட்டோ, அந்தப் பிள்ளையின் வீட்டு மேலேயே குத்தி நின்றது. வாட்ஸப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் இது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நீங்காது. கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு வகுப்பைத் தொடங்குவது எளிது.

மற்றதெல்லாம் சிரமமில்லை. பெற்றோர் குழுவில் படங்கள் வந்தன, பாராட்டும் வந்தது, "அந்த ஒரு தட்டு ஆப்போட பேர் என்ன மேடம்" என்று ஒருவர் கேட்டார். அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது படம் கண்ணடிக்க வேண்டும் என்கிறார்கள். அசையும் படம் செய்ய ஃபிளைட் மோடில் ஓடுகிற ஆப் எது இருக்கிறது என்று அவர்களையே சோதித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், வைஃபையைத் தனியாக அணைத்துவிட்டு.