நெட் நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டிங்தான் இழுக்கிறது

எங்கள் சென்னை அலுவலகத்தில் வீடியோ மீட்டிங் என்றாலே ஒரு சலிப்பு வந்துவிட்டிருந்தது. முகம் உறையும், குரல் நிற்கும், அப்புறம் நின்ற குரல் மொத்தமாக அவசர அவசரமாக ஓடி வரும். "எங்க வீட்ல நல்லா வருது சார், ஆபீஸ் வந்தாதான் இழுக்குது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிர்வாகத்துக்கு உடனே தோன்றிய மருந்து லைனை இரட்டிப்பாக்குவது. 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் 200 ஆனது. ஸ்பீடு டெஸ்ட் அழகாக 200 காட்டியது. மீட்டிங் பழையபடியே இழுத்தது.

நாங்கள் பயன்படுத்தியது ஜிட்சி என்ற வீடியோ மீட்டிங் மென்பொருள், எங்களுடைய சொந்த சர்வரில், மும்பையில் ஒரு கிளவுட் இயந்திரத்தில். பிங் போட்டால் 30 மில்லிசெகண்டுக்குள் பதில் வரும். ஐடி ஆட்கள் இரண்டு பேர் தங்களுக்குள் கால் போட்டுப் பார்த்தால் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். "எங்ககிட்ட நல்லாத்தானே வருது" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

ஜிட்சியில் இரண்டே பேர் இருக்கும்போது படமும் குரலும் சர்வருக்குப் போவதில்லை, ஒரு பிரவுசரிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகும். இருவரும் ஒரே அலுவலக லேனில் இருந்தால் அந்தப் பாக்கெட்டுகள் ஃபயர்வாலைத் தொடவே தொடாது. மூன்றாவது ஆள் உள்ளே வந்ததும் எல்லாம் மும்பை சர்வருக்கு மாறும், இழுப்பும் தொடங்கும். சோதிக்க எப்போதும் இரண்டு பேர்தான் உட்கார்ந்ததால் சிக்கல் யார் கண்ணிலும் படவில்லை.

நான் போய் உட்கார்ந்தபோது ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அதே பிரவுசரில் இன்னொரு டேபில் chrome://webrtc-internals திறந்து, தேர்வான கேண்டிடேட் ஜோடியை, அதாவது இரு முனைகளும் பேசத் தேர்ந்தெடுத்த முகவரி ஜோடியைத் தேடி, அதில் நம் பக்கத்துக் கேண்டிடேட்டைப் பார்த்தேன்.

```
candidateType   relay
protocol        udp
relayProtocol   tls
```

நடு வரியைப் பார்த்துவிட்டு "யுடிபிலதானே போகுது?" என்றார் பக்கத்தில் இருந்த நெட்வொர்க் அண்ணன். பலரும் இடறும் இடம் அதுதான். அந்த `udp`, இடையில் நின்று பாக்கெட்டுகளைக் கைமாற்றும் ரிலே சர்வரிலிருந்து அந்தப் பக்கம் போகும் பாதையைச் சொல்கிறது. நம் லேப்டாப்பிலிருந்து ரிலே வரைக்குமான பாதை மூன்றாவது வரியில் இருக்கிறது: டிஎல்எஸ், அதாவது டிசிபி, இங்கே 443 போர்ட்டில். அதே பக்கத்தில் `currentRoundTripTime` 0.3 செகண்டை ஒட்டி நின்றது. மும்பைக்குப் போய் வர 30 மில்லிசெகண்ட் போதும் என்று பிங் சொல்லும்போது, மீட்டிங்குக்கு மட்டும் பத்து மடங்கு.

ரிலே எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஃபிராங்க்ஃபர்ட். தாய் நிறுவனம் ஜெர்மனியில் இருப்பதால் டர்ன் எனப்படும் இந்த ரிலே சர்வரை அங்கேயே ஒன்று வைத்து, எல்லாக் கிளைகளுக்கும் அதையே கொடுத்திருந்தார்கள். ஆக, சென்னையில் ஒருவர் பேசினால் அவர் குரல் ஃபிராங்க்ஃபர்ட் போய், அங்கிருந்து மும்பை வந்து, மறுபடி ஃபிராங்க்ஃபர்ட் போய், அப்புறம் எதிர் இருக்கையில் இருப்பவரின் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

தூரத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், டிசிபிதான் ஆளைக் கொல்வது. ஓபஸ் கோடெக் சாதாரணமாக 20 மில்லிசெகண்ட் குரலை ஒரு பாக்கெட்டாக அனுப்புகிறது. யுடிபியில் ஒன்று தொலைந்தால் போனது போனதுதான். அந்த இடைவெளியை ஓபஸே ஊகித்து நிரப்பிவிடும், காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. டிசிபி அப்படி விடாது. தொலைந்த ஒன்று திரும்ப வரும்வரை பின்னால் வந்து சேர்ந்ததையெல்லாம் நிறுத்தி வைக்கும். கவுன்டரில் முன்னால் நிற்பவர் சில்லறை தேட, சரியான சில்லறையோடு பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருப்பது போல. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போய் வர 150 மில்லிசெகண்ட் என்று வைத்தால், ஒரு இழப்புக்குக் குறைந்தது ஏழெட்டுக் குரல் பாக்கெட்டுகள் தேங்கும், பிறகு கூட்டமாக வந்து விழும். குரல் நின்று, அப்புறம் ஓடியது இதனால்தான். லைன் 200 ஆனாலும் 2000 ஆனாலும் இது மாறாது.

சரி, நேர்ப்பாதை ஏன் கிடைக்கவில்லை? மும்பை சர்வரில் ஓடும் ஜிட்சியின் வீடியோ பிரிட்ஜ் யுடிபி 10000 போர்ட்டில் கேட்கிறது. அண்ணன் `nc -vzu` போட்டார், "succeeded" என்று வந்தது. அதை நம்பக் கூடாது. யுடிபியில் கைகுலுக்கல் கிடையாது. மறுப்பு எதுவும் திரும்பி வராவிட்டால் என்சி அதை வெற்றி என்றே எழுதிவிடும், ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கினாலும்கூட. பதில் தரக்கூடிய ஒன்றைக் கேட்டால்தான் உண்மை தெரியும். "என் வெளி முகவரி என்ன" என்று கேட்கும் ஸ்டன் கேள்விக்கும் டர்ன் சர்வரே பதில் சொல்லும்:

```
turnutils_stunclient -p 3478 turn.example.com
```

அலுவலகத்திலிருந்து போட்டால் மௌனம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் நம் வெளி முகவரி உடனே வந்தது. மும்பை சர்வரில் `tcpdump -ni eth0 udp port 10000` ஓடவிட்டபோது வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் பாக்கெட்டுகள் மழையாகக் கொட்டின, அலுவலக முகவரியிலிருந்து ஒன்றுகூட இல்லை. வாக்குவாதம் அத்தோடு முடிந்தது.

செக்யூரிட்டி மேனேஜரிடம் போனோம். அவரைக் குறை சொல்ல முடியாது. குரோம் குவிக் என்ற நெறிமுறை வழியாக யுடிபி 443-இல் போனால் அவர்களுடைய டிஎல்எஸ் ஆய்வுக் கருவிக்கு எதுவும் தெரியாது. அதை அடைக்கப் போனவர்கள், அந்தக் கையோடு வெளியே போகும் யுடிபி மொத்தத்தையும் அடைத்துவிட்டார்கள். டிஎன்எஸ் உள் சர்வர் வழியாகப் போவதால் எதுவும் உடையவில்லை. மீட்டிங்கும் உடையவில்லை, 443 வழியாக எப்படியோ ஓடியது. ஒரேயடியாக நின்றிருந்தால் அன்று மாலைக்குள் யாராவது காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

"யுடிபிய மொத்தமா திறக்க முடியாது தம்பி" என்றார். மொத்தமாகத் தேவையும் இல்லை. உள்ளிருந்து வெளியே, மும்பை சர்வரின் ஒரே முகவரிக்கு, 10000 என்ற ஒரே போர்ட். ஃபயர்வால் இணைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்பதால் பதில் பாக்கெட்டுகள் தானாக உள்ளே வரும். வெளியிலிருந்து யாரும் தொடங்க எதையும் திறக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தோம், ஒப்புக்கொண்டார். குவிக் அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது.

விதி ஏறியதும் `relay` இருந்த இடத்தில் `prflx` வந்தது, அதாவது ரிலே இல்லாத நேர்ப்பாதை, தாமதம் 30 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. மொத்தக் குழுவும் ஒன்றாகச் சேரும் கூட்டத்தில் மட்டும் படம் மறுபடி உறைந்தது. இம்முறை அதே ஃபயர்வாலின் யுடிபி வெள்ளத் தடுப்பு. ஒரு முகவரிக்கு வினாடிக்கு இவ்வளவு பாக்கெட்டுக்கு மேல் போனால் தாக்குதல் என்று நினைத்து வெட்டும். குரல் மட்டுமே ஒருவருக்கு வினாடிக்கு 50 பாக்கெட், படம் அதற்கு மேல் பல மடங்கு. இருபது பேர் கேமராவைப் போட்டால் எந்தக் கருவிக்கும் சந்தேகம் வரும். அந்த ஒரு முகவரிக்கு வரம்பைத் தளர்த்தினார்கள்.

ரிலேயை நாங்கள் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் அலுவலகங்களிலும் சில ஹோட்டல்களிலும் யுடிபி அடைத்துத்தான் இருக்கும், அங்கே போகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் மும்பையிலேயே கோடர்ன் என்ற டர்ன் சர்வர் ஒன்றைப் போட்டு, இங்குள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தோம். அதன் லாகில் எங்கள் சொந்த அலுவலக முகவரியிலிருந்து வந்த செஷனில் உண்மையிலேயே படமும் குரலும் ஓடினால் ஒரு எச்சரிக்கை மெயில் வரும்படி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஃபயர்வால் மென்பொருள் அப்டேட்டில் அந்த விதி காணாமல் போனபோது, யாரும் புகார் சொல்வதற்கு முன்பே மெயில் வந்துவிட்டது.