புரட்டாசி சனிக்கிழமையும் எங்கள் சாப்பாட்டுக் கணக்கும்

ஒரு கல்லூரியில் இரண்டு நாள் கருத்தரங்கின் பதிவு வேலை என் பொறுப்பில் இருந்தது. பதிவுப் படிவத்தில் சாப்பாட்டுக்கு ஒரே கேள்விதான் வைத்திருந்தேன்: சைவமா, அசைவமா? 220 பேரில் 140 பேர் அசைவம் என்றார்கள். அதையே இரண்டு நாளுக்கும் கணக்காகச் சமையல் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் புரட்டாசி சனிக்கிழமை. அசைவம் என்று எழுதியவர்களில் பாதிக்கும் மேல் சைவ வரிசையில் வந்து நின்றார்கள். ஒன்றே முக்காலுக்குச் சாம்பார் தீர்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை, சுத்த சைவம், தட்டில் தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்திலேயே பிரியாணி அண்டா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் ஆளைப் பற்றிக் கேட்டேன்; கேட்டிருக்க வேண்டியது வேளையைப் பற்றி. அடுத்த வருடம் படிவத்தில் “சனிக்கிழமை மதியம் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகக் கேட்டேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத ஜைனச் சாப்பாட்டைத் தனித் தேர்வாக வைத்தேன். ஒவ்வாமைக்கு மட்டும் எழுதும் கட்டம். அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் படித்து, வேர்க்கடலை ஆகாது என்பவரைப் பெயரோடு மாஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மதியத்துக்கு வந்த பதில்: சைவம் 151, அசைவம் 62, ஜைனம் 7. பதிந்தவர்களில் பத்தில் ஒருவர் வருவதில்லை என்பது எங்கள் பழைய வருகைப் பதிவேட்டிலேயே தெரிந்தது. அதனால் சைவத்தை 136 ஆகவும் அசைவத்தை 56 ஆகவும் குறைத்தேன். ஜைனம் 7 என்பதைத் தொடவில்லை. அந்த ஏழு பேருக்கு அங்கே மாற்றுச் சாப்பாடு கிடையாது.

அப்புறம், படிவமே நிரப்பாத ஆட்கள்: மைக்செட்காரர்கள், ஓட்டுநர்கள், தன்னார்வ மாணவர்கள் என்று 20 பேர். நேரில் கேட்டபோது எல்லோரும் சைவமே போதும் என்றார்கள். ஆக சைவம் 156. அதற்கு மேல் 14 கூட்டி 170 ஆக்கினேன். அசைவத்துக்குக் கூடுதல் வைக்கவில்லை. அசைவம் சாப்பிடுபவர் பசித்தால் சைவமும் சாப்பிடுவார். சைவக்காரர் அந்தப் பக்கம் போக முடியாது.

வியாழக்கிழமை காலை மாஸ்டர் கேட்டார், “கடைசி கணக்கு இதுதானே மேடம்? நாளைக்கு மார்க்கெட் போயிடுவேன்.” வேளைவாரியாக எழுதிய தாளைக் கொடுத்தேன். ஜைன டோக்கன் மஞ்சள் நிறத்தில், பெயர் எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னாலேயே செருகியிருந்தோம்.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு மாணவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோதும் சாம்பார் சூடாகவே இருந்தது.