டெண்டர் பக்கம் பார்த்து வேலை வாங்கிய கதை

போன வெள்ளிக்கிழமை தேர்வுப் பட்டியல் வந்தது. ஒரே பக்கம் பிடிஎஃப். தேர்வானவர் ஒருவர், காத்திருப்புப் பட்டியலில் இரண்டு பேர். அந்த ஒருவர் நான்தான் என்று நம்புவதற்கு மூன்று முறை திறந்து பார்த்தேன். எந்த இடம் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆர்டர் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்பது அம்மாவின் உத்தரவு. ஆராய்ச்சித் திட்டப் பணி, ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வாளர் இடம். இவ்வளவு போதும்.

உணவு அறிவியலில் எம்.எஸ்சி. முடித்த முதல் வருடம் நான் செய்தது வேறு. கண்ணில் பட்ட வாக்-இன் நேர்முகம் எல்லாவற்றுக்கும் ஓடினேன், மொத்தம் 23. பாபநாசத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஒரு ஊருக்குப் போனால் ஒரு பணியிடத்துக்கு அறுபது பேர் நிற்பார்கள். ஓர் இடத்தில் வரிசையில் நிற்கும்போதே, “அந்தப் பொண்ணு இங்கேயே ஆறு மாசமா வேலை பார்க்குதுங்க” என்று அலுவலக உதவியாளர் காதோடு சொன்னார். உள்ளே இரண்டு நிமிடம் பேசினார்கள். என் ஆய்வறிக்கைத் தலைப்பைக்கூடக் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? அந்தத் துறை என்ன செய்கிறது என்று எனக்கும் தெரியாமல்தான் போயிருந்தேன்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். முதலில் பதினோரு இடங்கள் எழுதினேன். வாரம் இருமுறை பதினொன்றையும் பார்க்க முடியவில்லை, நான்காகக் குறைத்தேன். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், திருச்சி தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், அப்புறம் ஒரு தனியார் அரிசி ஆலை, அதன் பெயர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் போகும்போது அந்த ஆலை வளாகத்தில் புது ஷெட் ஏறுவதைப் பார்த்துத்தான் அதைச் சேர்த்தேன். நான்கும் வீட்டிலிருந்து போய்வரும் தூரம். எனக்கு அது முக்கியம், உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

ஆரம்பத்திலேயே ஓர் அசட்டுத் தவறு. நிஃப்டெமுக்கு 2021 வரை ஐஐஎஃப்பிடி என்று பெயர். சீனியர் கொடுத்த பழைய இணைய முகவரியையே திறந்துகொண்டிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்துத்தான் அறிவிப்புகள் niftem-t.ac.in-இல் வருவது உறைத்தது. ஆடுதுறைக்கான அறிவிப்புகளை வேளாண் பல்கலைக்கழகத்தின் tnau.ac.in-இல் தேட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலை அறிவிப்புப் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். அறிவிப்புக்கும் நேர்முகத்துக்கும் நடுவில் பெரும்பாலும் இரண்டு வாரம்தான் இருக்கும், அதில் புதிதாக ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது ஆள், கருவி, வேதிப்பொருள், பயணம் என்று தனித்தனித் தலைப்பில்தான் ஒதுக்குவார்கள். கருவி வாங்க டெண்டர் விட வேண்டும், அதற்கு நாளாகும் என்பதால் பல சமயம் ஆள் எடுப்பதற்கு முன்பே டெண்டர் வெளியே வந்துவிடும். மத்திய நிறுவனம் என்றால் eprocure.gov.in அல்லது gem.gov.in, மாநிலம் என்றால் tntenders.gov.in. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் இருபது நிமிடம் அங்கேதான் இருந்தேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் என் பட்டியலில் இருந்த ஓர் இடம் உணவின் பதத்தை அளக்கும் டெக்ஸ்சர் அனலைசர் ஒன்றுக்கு டெண்டர் விட்டது. தொழில்நுட்ப விவரத்தை வரி வரியாகப் படித்தேன். கேட்டிருந்த உபகரணங்களில் சமைத்த சோற்றை அழுத்திப் பார்க்கும் ஒன்று இருந்தது. ஆக, பிஸ்கட்டோ பழமோ இல்லை, சோற்றின் மென்மையை அளக்கப் போகிறார்கள். அந்தத் துறையில் யார் அரிசியில் வேலை செய்கிறார் என்று பார்த்தேன். ஒரே ஒரு விஞ்ஞானி. அவருடைய கட்டுரைகளில் ஐந்தை எடுத்து, அளவிடும் முறை பற்றிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிசம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது. நேர்முகம் பொங்கலுக்கு அடுத்த வாரம். அந்த விஞ்ஞானி கேட்ட முதல் கேள்வி: “கருவி ஏன் மாதிரியை இரண்டு தடவை அழுத்துகிறது?” இரண்டு முறை மெல்வதைப் போலச் செய்வதற்கு, சார். முதல் அழுத்தத்தின் உச்ச விசை கடினத்தன்மை. இரண்டாவது வளைவின் பரப்பை முதலாவதன் பரப்பால் வகுத்தால் ஒட்டிணைவு. இரண்டுக்கும் நடுவில் கீழே இறங்கும் பரப்பு, தட்டில் சோறு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும்.

அடுத்து, “புது அரிசி ஏன் குழைகிறது?” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பொங்கலுக்கு முந்தின நாள்தான் புது அரிசியை வடிக்கப் போய் அம்மா, “களியாப் போச்சு, பழைய அரிசியையே போட்டிருக்கணும்” என்று திட்டிக்கொண்டிருந்தார். அதையே சொல்லி ஆரம்பித்தேன். இருப்பு வைக்க வைக்க அரிசியின் புரதமும் மாவுச்சத்தும் மாறுகின்றன, வேகும்போது தண்ணீரில் கரைந்து வெளியேறுவது குறைகிறது, அதனால் பழைய அரிசி உதிரியாக நிற்கிறது. அப்புறம் இருபது நிமிடம் ஓடியதே தெரியவில்லை.

இந்த வழியில் ஏமாந்ததும் உண்டு. முதல் மூன்று மாதத்தில் இரண்டு கருவி டெண்டர்களை நம்பிப் படித்தேன், ஆள் எடுக்கவேயில்லை. பிறகு புரிந்தவை:

- பழைய கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அது மாற்றுக் கருவி. புதுத் திட்டம் என்று நினைக்காதீர்கள்.
- பிப்ரவரி, மார்ச் டெண்டர்களைப் பாதிதான் நம்பலாம். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்கும் அவசரமாகவும் இருக்கும்.
- ஏசி, நாற்காலி, பராமரிப்பு ஒப்பந்தம்: தாண்டிப் போங்கள்.
- பழைய வேலை அறிவிப்புகளைச் சேர்த்து வையுங்கள். திட்டம் முடியும் தேதி அதிலேயே பெரும்பாலும் இருக்கும். முடிய ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும்போது அதே பணியிடம் திரும்ப வந்தால், இருந்தவர் விலகிவிட்டார் என்று பொருள். பிஎச்.டி. சேர்க்கை சமயத்தில் இப்படி நடக்கும்.

தனியார் ஆலைக்கு இதெல்லாம் உதவாது. அங்கே டெண்டரும் இல்லை, அறிவிப்பும் இல்லை. ஷெட்டுக்குக் கூரை போட்ட வாரம் நேரில் போய், தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் வேண்டுமா என்று மேலாளரிடம் கேட்டேன். “மெஷின் வரட்டும்மா, பார்க்கலாம்” என்று நம்பர் வாங்கிக்கொண்டார். நேற்று அவரே கூப்பிட்டார், மெஷின் வந்துவிட்டதாம். வகுப்புத் தோழி ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், அவள் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

நான்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்தது என் சுபாவத்துக்குச் சரி. டியூஷன் எடுத்து மாதச் செலவைச் சமாளித்தேன். வீட்டில் உடனே சம்பளம் தேவை என்றால் இதை அப்படியே செய்யாதீர்கள். கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு, செவ்வாய் வெள்ளி இருபது நிமிடத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தற்காலிகச் சான்றிதழின் அசலைக் கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். அது இல்லாததால் முதல் வருடம் ஒரு நேர்முகத்தில் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.