அதே 3 தன்னோடே சேர்ந்துவிடும்

சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ஒரு பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் target வரும், அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். மளமளவென்று எழுதிவிட்டேன்.

```python
seen = {}
for i, x in enumerate(nums):
    if target - x in seen:
        return seen[target - x], i
    seen[x] = i
```

விளக்கச் சொன்னார்கள். நான் "ஃபார் ஐ கமா எக்ஸ் இன் எனுமரேட்" என்று திரையில் இருப்பதையே வாசித்தேன். அவருக்கும் படிக்கத் தெரியும்தானே! பொறுத்துக்கொண்டு, கடைசி வரியை ஏன் `if`-க்கு முன்னால் போடவில்லை என்று கேட்டார். விடை மனதில் தமிழில் பளிச்சென்று ஓடியது: "முன்னாடியே போட்டால் அதே 3 தன்னோடே சேர்ந்துவிடும்." அதே வரிசையில் ஆங்கிலமாக்கப் போய், "பிஃபோர் செக்கிங், சேம் நம்பர், இட்செல்ஃப்..." என்று நின்றுவிட்டேன். தமிழில் வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு, `seen` ஒரு cache மாதிரி என்று சொல்ல நினைத்து "கேட்ச்" என்றேன். எக்செப்ஷன் பற்றிப் பேசுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எழுத்தைப் பார்த்தே கற்ற சொல். அதை "கேஷ்" என்று, ரொக்கத்தைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

அப்புறம் வேளச்சேரி அறையில் போனில் பதிவு செய்து கேட்டேன். "லூப்பு", "லிஸ்டு", "இண்டெக்ஸு". "ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் முளைக்குதுடா" என்று சிரித்தான் அறைத்தோழன். வாலை வெட்ட ஒரே வழிதான் எனக்குப் பலித்தது: "லூப்" என்றதும் உதட்டைத் திறக்காமல் ஒரு கணம் நிறுத்தி, அப்படியே அடுத்த சொல்லுக்குப் போவது. வேகத்தைக் குறைத்தால்தான் இது முடியும்.

வாக்கியத்துக்கு வேறு வைத்தியம். யார், என்ன செய்கிறார் என்பதை முதல் மூன்று சொற்களுக்குள் சொல்லிவிடுவது. "ஐ ஸ்டோர் ஈச் நம்பர். ஃபர்ஸ்ட் ஐ செக். தென் ஐ ஸ்டோர்." குழந்தைத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் புரியும். காரணம் கேட்டால் "இஃப்" என்று தொடங்கிவிடுவேன். நம் "போட்டால்" போல நிபந்தனையை முதலில் வைக்க ஆங்கிலமும் அங்கே இடம் கொடுக்கிறது.

அடுத்தது தரமணியில். இதே கணக்கு, இதே டிக்‌ஷனரி வேலை, இதே "ஏன் முன்னால் போடவில்லை?" இந்த முறை `[3, 5, 3]`, target 6 என்று எழுதிக் காட்டினேன். "இஃப் ஐ ஸ்டோர் ஃபர்ஸ்ட், த்ரீ ஃபைண்ட்ஸ் இட்செல்ஃப். ஐ கெட் ஜீரோ, ஜீரோ." பிறகு சரியான வரிசையில்: முதல் 3-க்கு இன்னொரு 3 வேண்டும், இல்லை, சேமி, 5-க்கு 1 வேண்டும், இல்லை, சேமி, கடைசி 3-க்கு முதல் 3 கிடைக்கிறது, விடை 0, 2. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வாக்கியம். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதில் மறுபடி ஒரு "கேட்ச்" வந்துவிட்டது. "சாரி, கேஷ்" என்று திருத்திக்கொண்டேன்.