அடுப்பை சிம்மில் வைக்கத் தெரியாத மனிதர்

"இன்னைக்கு நீ உட்கார், சாசேஜ் என் பொறுப்பு" என்று இவர் சொன்னபோதே மாமனார் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே.

இவருக்கு அடுப்பில் தெரிந்தது இரண்டே நிலைதான். ஒன்று அணைந்திருக்கும், இல்லையென்றால் முழுசாக எரியும். நடுவில் ஒரு சிம் இருப்பதைக் கம்பெனிக்காரன் அழகுக்கு வைத்தான் என்று நினைக்கிறார். நான் எதையாவது சிம்மில் வைத்துவிட்டு நகர்ந்தால், அந்தப் பக்கம் போகிறபோது போகிற வாக்கில் குமிழைத் திருப்பிவிட்டுப் போவார். கேட்டால், "அது தூங்கிட்டிருந்துச்சு, எழுப்பிவிட்டேன்."

இன்றும் அப்படித்தான். வாணலியைப் புகை வரும்வரை காய வைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர் குறையாமல் ஆறு சாசேஜையும் அதில் போட்டார். அதற்கு முன்னால், "குத்திவிட்டா வெடிக்காது" என்று யாரோ சொன்ன ஞாபகத்தில், முள்கரண்டியால் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் குத்து குத்து என்று குத்தியிருக்கிறார். எதிரி கிடைத்தால்கூட அவ்வளவு குத்தமாட்டார்.

ஓட்டை வழியாகக் கொழுப்பும் சாறும் வழிந்து சூடான எண்ணெயில் விழ, அடுக்களையில் தீபாவளி. அப்புறம் ஒவ்வொன்றாகத் தோல் கிழிந்தது. கிழியாமல் என்ன செய்யும்? மேல்தோல் சூடு பட்டதும் சுருங்கி இறுகும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வரத் தள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் வேகமாக நடந்தால் தோல் எங்கே பலவீனமோ அங்கே விட்டுவிடும். பலவீனமான இடத்தைத்தான் இவர் முள்கரண்டியால் தயார் செய்து கொடுத்திருந்தாரே.

"நல்லா சிவந்துடுச்சு, வெந்தாச்சு" என்று தட்டை நீட்டினார். தெர்மாமீட்டரை ஒன்றின் நுனியிலிருந்து நீளவாக்கில் நடுவரை செருகினேன். 43 டிகிரி. பன்றி இறைச்சியில் செய்தது நடுவில் 71 டிகிரி செல்சியஸாவது தொட வேண்டும், கோழி என்றால் 74. வெளியே கரி, உள்ளே கொழகொழவென்று பச்சை. நிறத்தைப் பார்த்து நம்பக்கூடாது என்று நான் சொன்னால், "வேலைக்குப் போற எனக்குத் தெரியாதா" என்பார். வேலைக்கும் வேகுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மிச்சமிருந்த பாக்கெட்டை நான் எடுத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சாசேஜை வாணலியில் அடுக்கி, அடிப்பாகம் மறைகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் வைத்தேன். தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு நூறைத் தாண்டி ஓடாது. அந்த நிதானத்தில் உள்ளே மெதுவாக வேகும், தோலுக்கும் பழக நேரம் கிடைக்கும். எட்டு, பத்து நிமிடம் போனதும் மூடியைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வற்றியது, சாசேஜ் விட்ட கொழுப்பே அடியில் மினுமினுத்தது. சடசடவென்ற சத்தம் மெல்லிய சுர்ர் என்று மாறியது. இடுக்கியால் உருட்டி உருட்டி விட, தோல் நாலாபுறமும் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது. ஒன்றுகூடக் கிழியவில்லை. 73 காட்டியது.

இதற்கு நடுவே இவர் ரெண்டு தடவை அடுப்புப் பக்கம் வந்தார். ரெண்டு தடவையும் சின்னவன் குமிழுக்குக் காவல் நின்றான்.

இவர் செய்ததையும் தூக்கி எறிய மனமில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவைத்து 71ஐத் தாண்டும்வரை வேகவிட்டேன். வெந்தது, ஆனால் சாறெல்லாம் முன்பே போய்விட்டதால் சவசவவென்று இருந்தது. யாரும் தொடவில்லை. இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மௌனமாக பிரெட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் கையை நீட்டி, கிழிந்ததில் ரெண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "எனக்கு இப்படி ஓரம் முறுகினதுதான் பிடிக்கும்" என்றார். பல்செட் போட்டவர். முறுக்கையே பாலில் நனைத்துச் சாப்பிடுகிறவர்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா! அப்பா, அடுத்த ஞாயிறும் நானே செய்யறேன்."

மாமனார் மென்றுகொண்டே என் பக்கம் திரும்பி, தண்ணீர் சொம்பை நகர்த்தச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.