கடைசி வரியை மேலே கொண்டு வாருங்கள்: பையர் மெயில் தாளில் 31-லிருந்து 78

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங் சான்றிதழ் படிப்பில், வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதும் தாளில் 78. போன முறை இதே தாளில் 31 வாங்கி விழுந்தேன். மற்ற தாள்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, இதைப் பற்றி நிறைய இருக்கிறது.

நான் கரூர்க்காரன். அப்பாவுக்கு விசைத்தறித் துணி வியாபாரம். கடைக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம் காபி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்ற விசாரிப்பு. விலை கடைசியில்தான் வாயில் வரும். முதல் முறை மெயிலையும் நான் அப்படித்தான் எழுதினேன். ஃபிராங்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் ஒரு ஜெர்மன் பையர் உங்கள் ஸ்டாலில் சமையலறைத் துண்டைத் தொட்டுப் பார்த்து, விவரம் அனுப்பச் சொல்லி கார்டு கொடுத்துவிட்டுப் போகிறார், அவருக்கு எழுதுங்கள் என்பது கேள்வி. நலம் விசாரித்து, அவர் கம்பெனியின் பெருமை சொல்லி, எங்கள் பரம்பரை சொல்லி, நாலாவது பத்தியில்தான் துண்டுக்கு வந்தேன். கேள்வியிலேயே விலை இருந்தும், 'நல்ல விலை போட்டுத் தருகிறோம்' என்றுதான் எழுதினேன். மாதிரி அனுப்பலாமா என்று கேட்டது கடைசி வரியில்.

திருத்தியவர் அந்தக் கடைசி வரியை வட்டமிட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறியை முதல் வரி வரைக்கும் இழுத்திருந்தார். இரண்டாம் முறைக்கு நான் படித்ததெல்லாம் அந்த அம்புக்குறியைத்தான். முதலில் தமிழில், பேப்பரில், அப்பா பேசுகிற மாதிரியே முழுசாக எழுதுவேன். பிறகு கடைசி வரியை வெட்டி மேலே வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவேன். இந்த முறை இப்படித் தொடங்கினேன்:

```
Subject: Waffle kitchen towels, 50 x 70 cm - samples?

Dear Ms. ___,
At our Heimtextil stand you asked for details of
the waffle towel. May I send you three samples
this week, at our cost?
```

மரியாதை இதில் குறையவில்லை. காபி கொடுப்பதை யாரும் வாயால் சொல்வதில்லை, கொடுத்துவிடுகிறோம். கூரியர் செலவை நாமே ஏற்பது அந்தக் காபி. அதே மாதிரி 'தரத்துக்கு நாங்கள் பொறுப்பு' என்பதற்குப் பதிலாக, கட்டம் கட்டமாகக் குழிவிழும் வாஃபிள் நெசவு முதல் சலவையில் நன்றாகச் சுருங்கும், 50 x 70 என்பது சுருங்கிய பிறகு நிற்கும் அளவு என்று எழுதினேன். அவர் பிறகு சங்கடப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்வதும் உபசரிப்புதானே. அடுத்து துணியின் எடை சதுர மீட்டருக்கு 200 கிராம், தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் எஃப்ஓபி விலை 0.85 டாலர், ஒரு நிறத்துக்குக் குறைந்தது 1,200 துண்டு என்று கேள்வியில் இருந்ததை ஒரே பத்தியில் கொடுத்தேன்.

என்னை மிகவும் உலுக்கியது 'முடியாது' என்று எழுதுவதுதான். பையர் 30 நாளில் சரக்கு கேட்கிறார், நமக்கு 45 ஆகும். நம்மூரில் 'பார்க்கலாம் சார்' என்றால் முடியாது என்று புரிந்துகொள்வார்கள். அதையே 'முயற்சி செய்கிறோம்' என்று மெயிலில் எழுதினால் அவர் 30 நாள் என்று குறித்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருப்பார். சாயமிட்ட நிறங்களுக்கு லேப் டிப் எனும் சாய மாதிரியை அவர் ஓகே செய்ததிலிருந்து 45 நாள், 30 நாளில் வேண்டுமென்றால் வெள்ளை மட்டும் தர முடியும் என்று எழுதினேன். முடியாததைச் சொன்ன கையோடு முடிந்ததை நீட்டினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்காது.

மற்றவை சுருக்கமாக:

- 'எஸ்டீம்டு', 'டூ த நீட்ஃபுல்' இரண்டையும் விடுங்கள்.
- அவர் முதல் பெயரில் கையெழுத்துப் போடும் வரை குடும்பப் பெயரில்தான் அழைக்க வேண்டும்.
- கார்டு தராதவருக்கு மொத்தமாக அனுப்பாதீர்கள். முன்சம்மதம் இல்லாத விளம்பர மெயிலை ஜெர்மன் சட்டம் ஏற்பதில்லை, கம்பெனிகளுக்கு அனுப்பினாலும்.
- நினைவூட்டல் ஒரு வாரம் கழித்து, ஒரே முறை, புதிதாக ஒரு படமோ தகவலோ சேர்த்து.
- நன்றியை முழுக்க வெட்டாதீர்கள். பயிற்சித் தாள் ஒன்றில் வெட்டினேன், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று மதிப்பெண் போனது. ஸ்டாலில் அவர் கேட்ட ஒரு கேள்வியை நினைவுபடுத்தி, கடைசியில் ஒரு வரி போதும்.

தேர்வு முடிந்த வாரமே, கண்காட்சியில் அப்பா வாங்கி வைத்திருந்த ஒரு கார்டுக்கு இதே முறையில் எழுதினேன். மூன்று மாதிரியையும் அனுப்புங்கள், முகவரி கீழே என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அப்பா படித்துவிட்டு, "என்னப்பா, கோபமா இருக்காங்களா?" என்றார். இல்லப்பா, அவங்க சந்தோஷமா எழுதினாலும் இப்படித்தான் இருக்கும் என்றேன். துண்டுகளை அவரே மடித்தார். பார்சலை ஒட்டும் முன், உள்ளே கையால் நாலு வார்த்தை நன்றி எழுதி வை என்றார். எழுதி வைத்தேன்.