சார்ஜ் ஏறாத போன், மொழி தெரியாத கடை: மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பேசி முடிப்பது எப்படி

போன் சரியாகச் சார்ஜ் ஆகவில்லை. ரிப்பேர் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவருடைய மொழி நமக்குத் தெரியாது. இந்த நிலையில் மொழிபெயர்ப்புச் செயலியின் உரையாடல் முறை நன்றாகவே கைகொடுக்கும். அதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். நேராகக் கடைக்குப் போய் மைக்கைத் தட்டிப் பேசத் தொடங்கினால், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வரவும் வாய்ப்பிருக்கிறது. சார்ஜ் ஆகாத போன் என்ற ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன்.

முதலில், செயலி எந்தப் போனில் ஓடப்போகிறது? பழுதான போனிலேயே என்றால், பேச்சின் நடுவில் அது அணைந்துபோகலாம். அணையாவிட்டாலும், கடைக்காரர் அதைக் கையில் வாங்கிச் சோதிக்கும்போது நீங்கள் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அவர் என்ன செய்கிறார் என்று கேட்டாக வேண்டிய நேரமே அதுதான். அதனால் இன்னொரு போனை எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் கடைக்காரர் போனிலேயே செயலியைத் திறக்கச் சொல்லலாம், ஆனால் நீங்கள் பேசியது அவருடைய போனில் பதிவாகித் தங்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு மொழிகளுக்குமான ஆஃப்லைன் கோப்புகளையும் முன்பே இறக்கிக்கொள்வது நல்லது. தட்டச்சு செய்த வாக்கியங்களுக்கு அவை உதவும். பேச்சைப் புரிந்துகொள்ளப் பல மொழிகளில் இணையம் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனைகள். மொழி தெரியாத இடத்தில் "சார்ஜ் ஆகலை" என்று மட்டும் சொன்னால், பத்துக் கேள்விகள் திரும்பி வரும். ஒவ்வொரு கேள்வியும் மொழிபெயர்ப்பு தப்பாவதற்கு இன்னொரு வாய்ப்பு. அதனால் பதில்களோடு போக வேண்டும். வேறு கேபிள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். அதே கேபிளும் சார்ஜரும் வேறு போனில் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். டைப்-சி என்றால் முனையைப் புரட்டிச் செருகுங்கள். ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் சார்ஜ் ஆகிறது என்றால், உள்ளே சில தொடுமுனைகள் தேய்ந்தோ அழுக்கடைந்தோ இருக்கலாம். கணினியில் இணைத்தால் போன் தெரிகிறதா என்று பாருங்கள். வயர்லெஸ் சார்ஜிங் வசதி இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள். அதில் நன்றாக ஏறி, கேபிளில் ஏறவில்லை என்றால், பேட்டரி மேல் சந்தேகம் குறைந்து, கேபிள் செருகும் இடத்தின் மேல் சந்தேகம் கூடும். மொத்தத்திலும் பயன் அதிகமுள்ள சோதனை இதுதான் என்பேன்.

இந்த முடிவுகளை வீட்டிலேயே செயலியில் தட்டச்சு செய்து, மொழிபெயர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு:

"போன் சரியாகச் சார்ஜ் ஆகவில்லை. கேபிளை மேல்பக்கம் அழுத்திப் பிடித்தால் மட்டும் போன் சார்ஜ் ஆகிறது. கையை எடுத்தால் சார்ஜ் ஆவது நின்றுவிடுகிறது. நான் இரண்டு கேபிள்களையும் இரண்டு சார்ஜர்களையும் மாற்றிப் பார்த்தேன். வயர்லெஸ் சார்ஜரில் இந்த போன் நன்றாகச் சார்ஜ் ஆகிறது. போன் தண்ணீரில் விழவில்லை."

ஒரு வாக்கியத்துக்கு ஒரே செய்தி, ஒவ்வொன்றிலும் எழுவாய். நாம் சாதாரணமாக "போட்டா ஏறுது, விட்டா நின்னுடுது" என்போம். எது ஏறுகிறது, எது நிற்கிறது என்று கேட்கும் தமிழருக்குத் தெரியும். செயலி ஊகிக்கத்தான் செய்யும். யாரோ மேலே ஏறுவதாக அது எழுதிவிடலாம். "ஏறுது", "இறங்குது", "செத்துப்போச்சு" போன்றவற்றை விட்டுவிட்டு, "சார்ஜ் ஆகிறது", "பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது", "போன் ஆன் ஆகவில்லை" என்று சொன்னால் தடுமாற்றம் குறையும். "லூசா இருக்கு" என்பதையும் தவிர்த்து, "கேபிள் ஆடுகிறது" என்று சொல்லுங்கள்.

மொழிபெயர்ந்து வந்ததை அப்படியே நகலெடுத்து, மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பெரிய தவறுகள் உடனே தெரிந்துவிடும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. போகும்போது செய்த தவற்றைத் திரும்பும்போது அதே வழியில் நேராக்கிவிட்டால், உங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பாகங்களின் பெயர்களில் இது அதிகம் நடக்கும். அதனால்தான் பாகம் என்று வரும்போது பேச்சை மட்டும் நம்பாமல் விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன்.

கடையில் முதலில் பேச வேண்டாம். "எனக்கு உங்கள் மொழி தெரியாது. இந்தச் செயலி மூலம் பேசுகிறேன். தயவுசெய்து சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள்" என்று எழுதி வைத்ததைக் காட்டுங்கள். பிறகு சேமித்த வாக்கியங்களைக் காட்டுங்கள். அவர் படித்து முடித்தபின் உரையாடல் முறைக்கு வாருங்கள். அங்கே தானாக மொழியைக் கண்டுபிடிக்கும் `Auto` பொத்தான் இருந்தால், கடையில் அதைத் தொட வேண்டாம். பக்கத்து வாடிக்கையாளர் பேசுவதையும் அது எடுத்துக்கொள்ளும், யோசிக்க ஒரு நொடி நிறுத்தினால் வாக்கியத்தை வெட்டிவிடும். அவரவர் மொழிக்கான மைக்கைத் தட்டிப் பேசுவது மெதுவானது, ஆனால் யார் பேசினார் என்பதில் குழப்பம் வராது. பெரும்பாலான போன்களில் மைக் கீழ் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரம் பேசுகிறவர் பக்கம் இருக்கட்டும், வாயிலிருந்து ஒரு சாண் தூரம் போதும். ஹாட் ஏர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை காத்திருங்கள், அல்லது தட்டச்சுக்கு மாறுங்கள்.

நீங்கள் பேசியதும் ஒலியைக் கேட்பதற்கு முன், திரையில் தமிழில் என்ன பதிவானது என்று படியுங்கள். பல தவறுகள் மொழிபெயர்ப்பில் நடப்பதில்லை, அதற்கு முன்பே, நாம் பேசியதை எழுத்தாக்கும்போதே நடந்துவிடுகிறது. தமிழே தப்பாகப் பதிந்திருந்தால், அதை அவர் படிப்பதற்குள் திருத்துங்கள்.

இந்த ரிப்பேரில் சரியாக இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. "சார்ஜிங் போர்ட்" என்பது கேபிள் செருகும் ஓட்டை. "சார்ஜிங் போர்டு" என்பது அந்த ஓட்டை பொருத்தப்பட்டிருக்கும் சின்னச் சர்க்யூட் பலகை. "மதர்போர்டு" என்பது போனின் முதன்மைப் பலகை. தமிழ்ப் பேச்சில் போர்ட்டும் போர்டும் ஒன்றாகவே கேட்கும், செயலியும் இரண்டில் ஒன்றை எழுதிவிடும். ஆனால் வேலையும் செலவும் வேறுவேறு. ஓட்டைக்குள் பஞ்சு போல அடைந்த தூசியைச் சுத்தம் செய்தாலே முடிகிற வேலை உண்டு. ஓட்டையை மட்டும் சால்டர் செய்து மாற்றும் வேலை உண்டு. பல மாடல்களில் கீழ்ப் பலகையையே கழற்றி வேறு பொருத்துவார்கள். மதர்போர்டு என்றால் கதையே வேறு. எனவே "போர்ட்" என்று சொல்லாமல், "கேபிள் செருகும் ஓட்டை" என்று சொல்லி விரலால் காட்டுங்கள். அவர் பலகையை மாற்ற வேண்டும் என்றால், "எந்தப் பலகை? கீழே இருக்கும் சின்னப் பலகையா, முதன்மைப் பலகையா? படத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதே மாடலின் பாகத்தை அவர் கணினியிலோ பெட்டியிலிருந்தோ எடுத்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை.

"முதலில் சுத்தம் செய்து பாருங்கள். பிறகு மீட்டரில் காட்டுங்கள்" என்று கேட்பதும் நியாயமானது. பல கடைகளில் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் சின்ன யுஎஸ்பி மீட்டர் இருக்கும். வோல்ட் 5-க்குப் பக்கத்தில் நின்று, ஆம்பியர் 0.00 என்று காட்டினால், போன் மின்சாரம் எடுக்கவில்லை. கேபிளை அசைக்கும்போது ஆம்பியர் எகிறி விழுந்தால், தொடுமுனை சரியாகப் படவில்லை. இந்த எண்ணுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, இருவரும் ஒரே திரையைப் பார்க்கிறீர்கள்.

கேள்வி கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "டேட்டா அழியாதா?" என்று கேட்டு அவர் "ஆமாம்" என்றால், அழியும் என்கிறாரா, அழியாது என்கிறாரா? எதிர்மறைக் கேள்விக்கு ஆமாம் சொல்லும் வழக்கம் மொழிக்கு மொழி மாறும். "போட்டோக்கள் அப்படியே இருக்குமா, அழிந்துவிடுமா?" என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வைக்கும்படி கேளுங்கள். பதில் எதுவானாலும், கொடுப்பதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. இப்படியே "ஒரிஜினல் பாகமா, வேறு நிறுவனம் செய்ததா?" என்றும், "வேறு பழுது தெரிந்தால் என்னைக் கேட்ட பிறகு செய்வீர்களா, கேட்காமல் செய்வீர்களா?" என்றும் கேட்கலாம்.

விலையைப் பேச்சில் முடிக்காதீர்கள். கால்குலேட்டரைத் திறந்து நீட்டுங்கள், பாகமும் கூலியும் சேர்த்த மொத்தத்தை அவரே தட்டட்டும். ரிப்பேர் ஆகாவிட்டால் பார்த்ததற்கு எவ்வளவு என்பதையும் அதே மாதிரி தட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆகும் என்பதும் அப்படித்தான். "ரெண்டு மூணு நாள்" என்று நாம் சொல்வது திரையில் 23 நாளாகப் பதிந்துவிடக்கூடும். காலண்டரைத் திறந்து தேதியைத் தொடச் சொல்லுங்கள்.

திரைப் பூட்டின் எண்ணைச் செயலியில் பேச வேண்டாம், அது சத்தமாகத் திரும்ப ஒலிக்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் ரிப்பேருக்கென்றே தனி முறை உண்டு. சாம்சங்கில் `Maintenance mode`, பிக்சலில் `Repair mode`. அதை ஆன் செய்து கொடுத்தால், உங்கள் படங்களைத் திறக்காமலே அவர் சோதிக்கலாம். போனில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

கொடுக்கும் முன் டயலரில் இதைத் தட்டுங்கள்:

```
*#06#
```

திரையில் வரும் ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், ரசீதில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா பாருங்கள். ரசீதைப் படமெடுத்து, செயலியின் கேமரா வழியாகப் படியுங்கள். உரையாடல் திரையை மூடும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மூடியபின் அந்தப் பேச்சு கிடைக்காமல் போகலாம்.

திரும்ப வாங்கும்போது, சார்ஜ் ஆவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். பல மாடல்களில் கீழ்ப் பலகையில்தான் மைக்கும் இருக்கிறது, அதனால் ஒரு குரல் பதிவு செய்து கேளுங்கள். கேபிளை இரண்டு பக்கமும் புரட்டிச் செருகுங்கள். உங்கள் வேகச் சார்ஜரைக் கையோடு கொண்டுபோய், வேகச் சார்ஜிங் அறிவிப்பு வருகிறதா பாருங்கள். சில மாற்றுப் பலகைகளில் அது வேலை செய்யாது. மூன்றில் ஏதாவது தவறினால், "பழுதுபார்ப்பதற்கு முன் இது வேலை செய்தது. இப்போது வேலை செய்யவில்லை. தயவுசெய்து பாருங்கள்" என்ற வாக்கியம் முன்பே மொழிபெயர்த்துத் தயாராக இருக்கட்டும். போனில் அந்த இடத்தைத் திறந்து, வாக்கியத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.